ஒரு குரல்பதிவும் பதினொரு பேரும்

இது ஒரே தம்பதியின் கதை அல்ல. யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைக்கு வருவோரிடம் மீண்டும் மீண்டும் காணப்படும் விடயங்களை ஒன்றுசேர்த்து, ஒரு தம்பதியின் நிகழ்வாக எழுதியிருக்கிறோம். எவரையும் அடையாளம் காண முடியாதபடி தொழிலும் உறவுகளும் மாற்றப்பட்டுள்ளன.

கணவர் 38 வயதுக் கணித ஆசிரியர். பாடசாலை முடிந்ததும் மாலையில் தனியார் கல்வி நிலையத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர். மனைவி வங்கியில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவர். கணவருக்கு இரவில் திடீர்ப் பதகளிப்பு வரத் தொடங்கியது. நெஞ்சு அடிக்கும், மூச்சு முட்டும், கை விறைக்கும், சாகப்போகிறேன் என்ற பயம் வரும். இருதயத்தைச் சோதித்ததில் குறை எதுவும் இல்லை. உளமருத்துவக் கிளினிக்கில் செர்ட்ராலின் குளிசை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் தாக்கங்கள் குறையத் தொடங்கின.

அந்த மாதத்தில் ஓர் இரவு, கணவர் தூங்கிய பிறகு, மனைவி கனடாவிலுள்ள தன் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு ஒன்று அனுப்பினார். மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்: இரவில் அவர் அழுவது, குளிசையின் பெயர், மருந்து தொடங்கிய பின் தங்களுக்குள் நெருக்கம் குறைந்தது, தனக்குப் பயமாக இருப்பது. அக்கா அதைச் சகோதரர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். ஏழு வாரம் கழித்து ஒரு பிறந்தநாள் வீட்டில் மனைவியின் தம்பி கணவரைத் தனியே கூப்பிட்டு, “அத்தான், உந்தக் குளிசையள விடுங்கோ. மனத்தைரியம்தான் வேணும்” என்றார். கணவருக்கு விடயம் தெரிந்தது அப்போதுதான்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அந்த வாரமே குளிசையை நிறுத்தினார். மாமியார் வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். ஆசிரியர் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. கல்வி நிலையத்தில் ஒரு வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். மனைவியிடம் ஒவ்வொரு இரவும் ஒரே கேள்வி: “நீர் ஏன் சொன்னீர்? இன்னும் ஆருக்குச் சொன்னீர்?” மனைவியின் பதிலும் ஒன்றுதான்: “உங்கட நன்மைக்குத்தானே சொன்னனான்.”

முதலில் குளிசை

உறவைப் பற்றிக் கதைக்க உளவளத்துணைக்கு வந்த கணவரிடம் எங்கள் முதற்கேள்வி மருந்து பற்றியதாக இருந்தது. காரணம் உண்டு. இந்த வகைக் குளிசையைச் சட்டென்று நிறுத்தினால் சில நாட்களுக்குள் தலைச்சுற்று, நித்திரையின்மை, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற ஒரு சுண்டல் வரலாம். இவை வரும்போது பழைய வருத்தமே திரும்பிவிட்டது என்று ஆள் நம்புகிறார், வீட்டாரும் நம்புகிறார்கள். இவருக்கும் அதுவே நடந்தது. “அவள் சொன்னதாலதான் எனக்குத் திரும்ப வந்தது” என்றார். அதில் ஒரு பகுதி மனக்காயம், ஒரு பகுதி மருந்து நின்றதன் விளைவு. இரண்டையும் பிரிக்காமல் தம்பதி வேலையைத் தொடங்கினால், மனைவி செய்யாத பாவத்துக்கும் அவரே பொறுப்பாளி ஆகிவிடுவார்.

ஆகவே அதே வாரம் கிளினிக்குக்குத் திருப்பி அனுப்பினோம். மீண்டும் எந்த அளவில் தொடங்குவது என்பதை வைத்தியர் தீர்மானித்தார். நெருக்கம் குறைந்தது மருந்தின் அறிந்த பக்கவிளைவுதான் என்பதையும், அளவையோ குளிசையையோ மாற்றிப் பார்க்கலாம் என்பதையும் கணவர் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டறிந்தார். வெளிப்பட்ட விடயங்களில் எது அதிகம் நோகிறது என்று கேட்டபோது அவர் சொன்னது பதகளிப்பை அல்ல, இதைத்தான். இந்தக் கேள்வியை ஒவ்வொரு நிகழ்விலும் தனியாக, துணை இல்லாத அறையில் கேட்கவேண்டும். எது நோகும் என்று துணை ஊகிப்பதும் உண்மையில் நோவதும் பெரும்பாலும் வேறு வேறு.

ஆருக்கு என்ன தெரியும்

கணவரின் மனதில் “ஊருக்கே தெரியும்” என்ற எண்ணம் இருந்தது. எத்தனை பேர் என்று கேட்டால் நாற்பது ஐம்பது என்றார். மனைவி “அக்காவுக்கு மட்டும்தான்” என்றார். இரண்டு பதில்களையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. எனவே ஒரு தாளில் மூன்று நிரல்கள் போட்டோம்: ஆள், அவருக்கு என்ன தெரியும், எந்த வழியாகத் தெரிந்தது.

மனைவி அதைத் தனியாக, இரண்டு நாள் அவகாசத்தில் நிரப்பவேண்டும் என்பது நிபந்தனை. அந்த அவகாசம் அவர் யோசித்துப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, விசாரிப்பதற்கும். அக்காவிடமும் தாயிடமும் “வேற ஆருக்குச் சொன்னீங்கள்” என்று அவர் கேட்டாக வேண்டும். அவரிடம் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட எச்சரிக்கை இது: இன்று பட்டியலில் இல்லாத ஒரு பெயர் இரண்டு மாதம் கழித்து வெளிவந்தால், முதல் நாள் அதிர்ச்சியைவிட அது அதிகமாக உடைக்கும். ஏனென்றால் முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது, மன்னிப்புக் கேட்கும்போதே மறைத்தது.

பட்டியலில் பத்துப் பேர் வந்தார்கள். மனைவி நேரே சொன்னது அக்காவுக்கும் தாய்க்கும். அக்கா வழியாக இரு சகோதரர்களும் அவர்களின் மனைவிமாரும். தாய் வழியாகச் சின்னம்மாவும், கணவரின் சொந்தத் தாயும். சின்னம்மா வழியாக வலயக் கல்வி அலுவலகத்தில் வேலை செய்யும் அவரின் மகள். உள்ளூரில் இருக்கும் சகோதரரின் மனைவி வழியாக, கல்வி நிலையத்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய். குரல்பதிவைக் காதால் கேட்டவர்கள் ஐந்து பேர். மற்றவர்களுக்குத் தெரிந்தது “நெஞ்சுப் படபடப்பு, ஏதோ மருந்து எடுக்கிறாராம்” என்ற அளவுதான். பிள்ளையின் தாய்க்கு “மாஸ்டருக்குச் சுகமில்லை” என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

தாளைப் பார்த்ததும் கணவர் ஆறுதல் அடையவில்லை. சொந்தத் தாயின் பெயரைக் கண்டு எழுந்து வெளியே போனார். ஆனால் அதற்குப் பிறகு அவர் “ஊர்” என்று கதைக்கவில்லை, பெயர்களைச் சொல்லிக் கதைத்தார். பெயர் உள்ள பயத்தோடு என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும்.

இரண்டு வேலிகள்

மனைவி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் தகராறு தீரவில்லை. அவர்களைப் பிரித்து வைத்தது வேறொரு விடயம். மனைவிக்கு அக்கா வீட்டுக்குள் இருப்பவர். தாய் நோயாளியாக இருந்த காலத்தில் அவரை வளர்த்ததே அக்காதான். அக்காவிடம் சொல்வது வெளியே சொல்வது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கணவருக்கு வீடு என்றால் இருவரும் பிள்ளைகளும்தான். சொந்தத் தாயிடம்கூட அவர் வருத்தத்தைச் சொன்னதில்லை. ஒருவருக்கு ஒரு வேலி வளவின் எல்லையில் இருக்கிறது, மற்றவருக்கு அறை வாசலில்.

தகவல் பகிர்வைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் சண்ட்ரா பெட்ரோனியோ, ஒரு இரகசியத்தைக் கேட்டவர் அதற்குக் கூட்டுச் சொந்தக்காரர் ஆகிறார் என்றும், விதி பேசிக்கொள்ளாத இடத்தில்தான் பெரும்பாலும் எல்லைக் குழப்பம் வருகிறது என்றும் விளக்குவார். இங்கே விதி பேசப்படவே இல்லை. “ஆருக்கும் சொல்லாதேயும்” என்று கணவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே விளங்கும் என்று நினைத்திருந்தார்.

இதை அறையில் எப்போது சொல்வது என்பது முக்கியம். முதல் வாரத்தில் சொன்னால் அது மனைவிக்காக வாதாடுவது போலாகும். ஒழுங்கு இப்படி இருக்கவேண்டும்: என்ன செய்தேன் என்பதை மனைவி சொல்வது, அது தன்னை என்ன செய்தது என்பதைக் கணவர் சொல்வது, கேட்டதை மனைவி தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது, அதன் பிறகுதான் ஏன் செய்தேன் என்பது. “உங்கட நன்மைக்கு” என்ற வசனம் உண்மையாக இருக்கலாம். ஆனால் முதலில் வந்தால் அது காதில் ஏறாது.

இரவு விசாரணையும் நிறுத்தப்படவேண்டியிருந்தது. வாரம் மூன்று நாள், பிள்ளைகள் தூங்கிய பின், 20 நிமிடம் என்று ஒதுக்கினார்கள். இடைப்பட்ட நாளில் வரும் கேள்வியைக் கணவர் கொப்பியில் எழுதி வைப்பார். எழுதிய கேள்விகளில் பாதியை அந்த நேரம் வரும்போது அவரே வெட்டிவிடுவார். நேரம் முடிந்தால் கதை நடுவில் நின்றாலும் எழும்பவேண்டும். கட்டுப்பாடில்லாத விசாரணையில் புதிய தகவல் எதுவும் வருவதில்லை. கேட்பவரின் பயம்தான் ஏறும், பதில் சொல்பவர் பொய் சொல்லப் பழகுவார்.

மனைவி எடுத்த தொலைபேசி அழைப்புகள்

மன்னிப்பு இருவருக்குள் மட்டும் நடந்தால் கசிவு அடைபடாது. அக்காவுக்கும் தாய்க்கும் மனைவியே கதைக்கவேண்டும், கணவர் அல்ல. அவர் பக்கத்தில் இருந்து கேட்பதா இல்லையா என்பது அவரின் விருப்பம். இவர் முதல் அழைப்பை மட்டும் கேட்டார். மனைவி முன்கூட்டி எழுதி வைத்துச் சொன்னது இதுதான்:

“அக்கா, அவற்ற விசயத்தை நான் உங்களிட்டச் சொன்னது பிழை. அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்லை. ஆர் ஆருக்கு அனுப்பினீங்கள் எண்டு எனக்குத் தெரியவேணும். இனி அவரைப் பற்றி என்னட்டக் கேக்காதேங்கோ, நானும் சொல்லமாட்டன்.”

அக்கா எதிர்பார்த்தபடியே கேட்டார்: “சரி பிள்ளை, இப்ப அவருக்கு எப்பிடி?” வழுக்கும் இடம் இதுதான். “இப்ப நல்லம், கிளினிக்குக்குப் போறார்” என்று அன்போடு சொல்வது இன்னொரு வெளிப்படுத்தல். பிழையைத் திருத்தும் அழைப்பிலேயே பிழை மறுபடி நடக்கிறது. மனைவி முன்பே பயிற்சி செய்திருந்த பதில்: “அதைத்தான் அக்கா சொல்லமாட்டன் எண்டனான்.” அந்த வசனத்தைக் கேட்டதுதான் கணவருக்கு அதுவரை நடந்தவற்றில் மிகப் பெரிய மாற்றம். அழுகையோடு கேட்ட மன்னிப்புகள் செய்யாததை அது செய்தது.

குரல்பதிவை அழிக்கும் கதையும் வந்தது. வட்ஸ்அப்பில் அனுப்பியவர் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி இரண்டு நாட்களுக்குச் சற்று மேல்தான் வேலை செய்யும். அதன்பின் அவரவர்தான் தங்கள் போனில் அழிக்கவேண்டும். மூலத்தை அழித்தாலும் முன்னனுப்பிய பிரதி அழியாது. அழித்துவிடச் சொல்லிக் கேட்கலாம், கேட்டார்கள். ஆனால் அதை நம்பி எதையும் கட்டவேண்டாம் என்று கணவரிடம் சொல்லப்பட்டது.

சனத்துக்குள் திரும்புவது

இதுவரை சொன்னது துணைமீதான நம்பிக்கை. தன்னம்பிக்கை வேறு வேலை. மனைவியை முழுதாக மன்னித்துவிட்டு ஆசிரியர் அறைக்குள் போகமுடியாமல் இருப்பவர்களும் உண்டு, இன்னும் கோபமாக இருந்தபடியே சனத்தோடு பழகுபவர்களும் உண்டு. முதலாவது முடிந்தால் இரண்டாவது தானாக வரும் என்று காத்திருந்தால் ஒதுங்கும் பழக்கம் இறுகிவிடும். ஆகவே இரண்டும் ஒரே காலத்தில் தொடங்கப்பட்டன.

முதலில் ஒரு பதில் தயாரானது. பொய்யும் இருக்கக்கூடாது, விபரமும் இருக்கக்கூடாது. இவர் தேர்ந்தது: “ஓம், கொஞ்சநாள் சுகமில்லாமல் இருந்தது. மருந்தெடுத்து இப்ப வேலைக்குப் போறன். உங்கட மகன்ர சோதினை எப்பிடி?” கடைசிக் கேள்வி அவசியம். அது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் “என்ன வருத்தமாம்?” என்ற அடுத்த கேள்வி நிச்சயம். அதற்கும் மேல் தோண்டுபவருக்கு: “அதை நானும் டொக்டரும் பாத்துக்கொள்ளுறம்.” சிரித்தபடி, ஆனால் நின்று சொல்லவேண்டும். வாய்க்குள் முணுமுணுத்தால் அது வெட்கமாகக் கேட்கும். வீட்டில் சத்தமாகப் பல தடவை சொல்லிப் பார்த்தார்.

பிறகு பயம் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு ஓர் ஏணி. ஒழுங்கை முகப்புக் கடை, ஆசிரியர் அறையில் இடைவேளைத் தேநீர், விட்டுக்கொடுத்த வகுப்பைத் திரும்ப எடுப்பது, பட்டியலில் உள்ள பிள்ளையின் தாயோடு இரண்டு வசனம், மாமியார் வீடு, கடைசியாகச் சின்னம்மா வீட்டுச் சாமத்தியவீடு. ஒவ்வொன்றுக்கும் போகமுன் என்ன நடக்கும் என்று எழுதவேண்டும், பயத்துக்கு நூறில் எத்தனை என்றும் போடவேண்டும். வந்தபின் உண்மையில் நடந்ததை எழுதவேண்டும்.

“எல்லாரும் என்னைத்தான் பாப்பினம்” என்பது அவர் எழுதிய முதல் ஊகம். அமெரிக்க உளவியலாளர் தோமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வெட்கப்படும்படியான படம் போட்ட டீசேர்ட் அணிந்து அறைக்குள் போன மாணவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறத்தாழக் காற்பங்கினர். இந்த ஆய்வைச் சொல்லி ஆறுதல்படுத்துவது சுலபம், ஆனால் இங்கே பாதிதான் பொருந்தும். அந்த மாணவர்களைப் பற்றி அறையில் எவரும் முன்பே பேசியிருக்கவில்லை. இவரைப் பற்றிச் சின்னம்மா வீட்டில் உண்மையாகவே பேசியிருக்கிறார்கள். ஆகவே “ஒருவரும் பார்க்கமாட்டார்கள்” என்று சோதிக்காமல், “பார்த்தால், கேட்டால் என்னால் பதில் சொல்லமுடியுமா” என்று சோதித்தோம்.

மறைவான ஒரு தடையும் இருந்தது. கடைக்குப் போவார், ஆனால் போனைக் காதில் வைத்தபடி. தேநீருக்குப் போவார், வாசலோரம் நின்று அரைக் கோப்பையில் திரும்புவார். கேள்வி வந்தால் மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்வார். இவற்றோடு போய்வந்தால் ஏணி ஏறியும் பயம் இறங்காது, “போன் இருந்ததால் தப்பினேன்” என்றே மனம் பதிவு செய்யும். போகிறார், ஆனால் போடும் எண் அப்படியே நிற்கிறது என்றால் இப்படி ஏதோ ஒரு பிடிமானம் ஒளிந்திருக்கிறது என்று அறியலாம். போன் பைக்குள் போன பின்தான் கடைக்கான எண் 60இலிருந்து 25க்கு வந்தது.

பதினொராவது பெயர்

மூன்றாம் மாதத்தில், வங்கியில் தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கும் சொன்னதை மனைவி ஒத்துக்கொண்டார். பயத்தில் பட்டியலில் எழுதாமல் விட்டிருந்தார். கணவர் பத்து நாள் தனி அறையில் படுத்தார். மனைவியின் போனை எந்நேரமும் தான் பார்க்கவேண்டும் என்றும், ஒரு பொய்யான தகவலைச் சொல்லி அது வெளியே போகிறதா என்று சோதிக்கப்போவதாகவும் சொன்னார்.

இரண்டையும் தடுத்தோம். போனைப் பார்ப்பது வாயால் சொன்னதைக் காட்டாது, அதோடு வீட்டில் ஒரு காவலரையும் ஒரு கைதியையும் உருவாக்கும். பொய்த் தகவல் சோதனையில் மனைவி தேறினாலும், கணவர் பொய் சொன்னார் என்ற புதுக் காயம் மிஞ்சும். மாற்றாகச் செய்தது வெளிப்படையான சிறு பொறுப்பு. கணவர் உண்மையான, சிறிய ஒரு விடயத்தை, “இது உம்மோட மட்டும்” என்று சொல்லிக் கொடுப்பார். இரண்டு வாரம் கழித்து அதைப் பற்றிக் கேட்பார். அது நின்றால் சற்றுப் பெரியது. மனைவி பக்கத்தில், யாராவது கேட்டுத் தான் தடுத்த சம்பவங்களை, கணவர் கேட்காமலே, ஒதுக்கிய 20 நிமிடத்தில் சொல்வார். பெயர் மறைத்தது ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது: ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இரவுச் சண்டை நடந்ததால் பதினொன்றாவதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அது சாக்கு அல்ல, ஆனால் விசாரணையின் விலை அது என்று கணவரும் ஏற்றுக்கொண்டார்.

மனைவிக்கும் ஒரு தேவை இருந்ததை மறந்தால் எந்த விதியும் நிலைக்காது. நள்ளிரவில் சாகப்போகிறேன் என்று துடிக்கும் ஒருவரின் பக்கத்தில் இருந்தவர் அவர். ஒருவரிடமும் வாய் திறக்கக்கூடாது என்ற தீர்ப்பு சில வாரம்தான் தாங்கும். இருவரும் சேர்ந்து ஓர் ஆளைத் தெரிவுசெய்தார்கள், மனைவியின் பழைய சிநேகிதி. அவரிடம் “எனக்கு நித்திரை இல்லை, களைச்சுப் போனன், பயமாக் கிடக்கு” என்று தன் பாட்டைச் சொல்லலாம். கணவரின் அறிகுறி, மருந்து, படுக்கையறை சொல்லக்கூடாது. ஒரு விலக்கு எழுத்தில் போடப்பட்டது. தற்கொலை பற்றிய பேச்சு, அடிதடி, பிள்ளைகளுக்கு ஆபத்து வந்தால் இரகசியம் இல்லை. உடனே வைத்தியசாலைக்கு, அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு.

எல்லா நிகழ்வுக்கும் இந்த வழி பொருந்தாது. சண்டையில் வெல்வதற்காக அல்லது அடக்கி வைப்பதற்காகத் துணையின் பலவீனத்தை வேண்டுமென்றே பரப்புபவர்கள் உண்டு. “எல்லாருக்கும் சொல்லுவன்” என்ற மிரட்டல் முன்பே இருந்ததா, மன்னிப்புக்குப் பிறகும் அது திரும்புகிறதா என்று ஆளைத் தனியாகக் கேட்டறியவேண்டும். இருந்தால் தம்பதியாக ஒரே அறையில் இருத்துவது ஆபத்து. அங்கே பட்டியலும் 20 நிமிடமும் அல்ல, பாதுகாப்புத்தான் வேலை. பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கமும் உண்டு.

ஐந்தாம் மாத முடிவில் கணவர் விட்டுக்கொடுத்த வகுப்பு திரும்ப அவரிடம் இருந்தது. மருந்து தொடர்ந்தது, குளிசை மாற்றப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு திடீர்ப் பதகளிப்பு வந்து அடங்கியது. சாமத்தியவீட்டுக்குப் போனார், இரண்டு பேர் கேட்டார்கள், இரண்டு பேருக்கும் அதே பதில். போகமுன் பயத்துக்கு 85 போட்டிருந்தார், அங்கே உச்சத்தில் இருந்தது 70, சாப்பாட்டுப் பந்தியில் 30. மச்சினனோடு கதைக்கிறார், குளிசைக் கதை எடுத்தால் எழும்பிவிடுவார். சொந்தத் தாயிடம் தானே போய், தான் தேர்ந்த வார்த்தைகளில், முழுவதையும் சொன்னார்.

அக்காவோடு அவர் இன்னும் கதைப்பதில்லை. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா குடும்பத்தோடு வரவிருக்கிறார். இவர்கள் வீட்டில் அல்ல, தாய் வீட்டில் தங்குவது என்றும், இரு சகோதரிகளும் தனியே எவ்வளவு நேரமும் இருக்கலாம் என்றும், கணவரைப் பற்றிய கதை வந்தால் மனைவி அதே வசனத்தால் நிறுத்துவது என்றும், அக்கா அவரைப் பார்க்க விரும்பினால் நாளையும் இடத்தையும் அவர் சொல்வார் என்றும் முடிவாகியிருக்கிறது. பார்ப்பாரா இல்லையா என்று அவர் இன்னும் தீர்மானிக்கவில்லை, மனைவியும் கேட்கவில்லை.